ரிலே இருந்தும் ஐபி வெளியே போவது ஏன்?

திருகோணமலை உவர்மலையில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். இரவு படிப்பு முடிந்ததும் கார் ரேஸ் ஆட்டம் ஒன்றை நண்பர்களோடு ஒன்லைனில் ஆடுவான். ஒருநாள் அவனிடம் தோற்ற யாரோ ஒருவன் ஆட்டத்தின் அரட்டைப் பெட்டியில் நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதி, "இதுதானே உன் நெட்?" என்று கேட்டிருக்கிறான். சற்று நேரத்தில் வீட்டு இணைப்பு படுத்துவிட்டது. அடுத்த நாளும் அதே கதை.

"பாஸ்வேர்ட் எல்லாம் மாத்திட்டன் அண்ணா. வைஃபை பெயரையும் மாத்திட்டன். திரும்பவும் விழுது. கொம்பியூட்டருக்குள்ள ஏதும் பூந்திட்டுதோ?" என்று கேட்டான். அவனுடைய அம்மா அதற்குள் வங்கிக் கணக்கு வரைக்கும் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.

நெட்வேர்க் வேலை பார்க்கிறவன் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். கொம்பியூட்டருக்குள் எதுவும் புகவில்லை. அந்த எதிராளி எதையும் உடைக்கவும் இல்லை. அந்த நான்கு எண்கள்தான் தம்பியின் ஐபி முகவரி, இணையத்தில் அவன் வீட்டு இணைப்புக்கு உரிய எண். அதை எதிராளிக்குக் கொடுத்தது அந்த ஆட்டமே. "ஆனா இந்தக் கேம்ல ரிலே சேர்வர் இருக்கு எண்டுதானே போட்டிருக்கிறாங்கள்?" என்று தம்பி கேட்ட அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. ரிலே என்பது ஆடுபவர்களுக்கு நடுவில் நின்று ஒருவரின் தரவை வாங்கி மற்றவருக்குக் கைமாற்றும் சேர்வர். ரிலே இருக்கிறது என்பதும் ரிலே நம்மை மறைக்கிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள். பலர் குழம்பும் இடம் அது.

முதலில் எந்த ஆட்டங்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் அதிகம் ஆடும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல் போன்றவற்றில் மேட்ச் நடப்பது நிறுவனத்தின் சேர்வரில். ஒவ்வொரு போனும் அந்தச் சேர்வரோடு மட்டும் பேசுகிறது. ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசுவதில்லை. பியர் டு பியர் ஆட்டங்களில் அப்படியான நடுச் சேர்வர் இல்லை. ஒவ்வொருவருடைய கொம்பியூட்டரும் மற்றவர்களின் கொம்பியூட்டர்களுக்கு நேராகத் தரவு அனுப்பும். சண்டை ஆட்டங்கள், நாலு பேர் சேர்ந்து ஆடும் கோ-ஒப் ஆட்டங்கள், பல ரேஸ் ஆட்டங்கள் இந்த வகை. 2013இல் வந்த ஜிடிஏ ஒன்லைனும் ஆடுபவர்களை நேரடியாக இணைக்கும் முறையில்தான் கட்டப்பட்டது.

நேரடியாகப் பேசினால் முகவரியை மறைக்க வழியே கிடையாது. இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒரு தலைப்பு இருக்கும். ஐபி நான்காம் பதிப்பில் அது குறைந்தது 20 பைட். அதில் நாலு பைட் அனுப்பியவரின் முகவரி, அடுத்த நாலு பைட் பெறுபவரின் முகவரி. உள்ளே இருக்கும் தரவை எவ்வளவு இறுக்கமாகக் குறியாக்கம் செய்தாலும் இந்த எட்டு பைட்டும் வெளியே தெரிந்தே ஆக வேண்டும். வழியில் இருக்கும் ரவுட்டர்கள் அதைப் படித்துத்தான் பாக்கெட்டை அனுப்புகின்றன, எதிராளியின் கொம்பியூட்டர் அதைப் படித்துத்தான் பதில் போடுகிறது. தன் கொம்பியூட்டருக்கு வந்து சேரும் பாக்கெட்டின் தலைப்பைப் பார்க்க யாருக்கும் எந்தத் திறமையும் தேவையில்லை. அதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் இந்த முறையைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன? காசு ஒரு காரணம். எட்டுப் பேர் ஆடும் ஒரு மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருக்கும் நொடிக்கு 30 பாக்கெட் அனுப்புகிறார்கள், தலைப்போடு சேர்த்து ஒரு பாக்கெட் 100 பைட் என்று வையுங்கள். ஓர் இணைப்புக்கு 24 கிலோபிட். ஏழு பேருக்கும் சேர்த்து ஒருவர் அனுப்ப வேண்டியது 168 கிலோபிட்; சாதாரண வீட்டு இணைப்பு அதை எளிதாகத் தாங்கும். இதே மேட்சை நடுவில் ஒரு ரிலே வாங்கி அனுப்பினால் அது வெளியே தள்ள வேண்டியது ஏறத்தாழ 1.3 மெகாபிட். ஒரே நேரத்தில் பத்தாயிரம் மேட்ச் நடந்தால் 13 கிகாபிட்டுக்கு மேல். அந்தச் செலவை ஆடுபவர்களின் வீட்டு இணைப்புகள் சும்மா சுமந்துகொள்கின்றன என்றால் எந்த நிறுவனம் வேண்டாம் என்னும்? இரண்டாவது காரணம் வேகம். சுற்றிப் போகாமல் நேராகப் போனால் தாமதம் பெரும்பாலும் குறையும். அது நியாயமான காரணம்தான், பின்னால் அதற்கு வருகிறேன்.

இனி தம்பியின் இணைப்புக்கு வருவோம். அவன் வீட்டில் ஃபைபர் இணைப்பு. அவனோடு ஆடும் மச்சான் கிண்ணியாவில் இருக்கிறான், அவனுக்கு 4ஜி ரவுட்டர். மூன்றாவது ஆள்தான் அந்த அந்நியன், எந்த நாடு என்றே தெரியாது.

தம்பியின் கொம்பியூட்டருக்கு வீட்டுக்குள் இருக்கும் முகவரி 192.168.1.7. இது வெளியுலகுக்குத் தெரியாது. ரவுட்டர்தான் வெளியே ஒரு பொது முகவரியோடு நிற்கிறது. உள்ளிருந்து பாக்கெட் போகும்போது அனுப்பியவர் முகவரியை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். பதில் வந்தால் யாருக்கு உரியது என்று அட்டவணை பார்த்து உள்ளே விடும். இதை நாட் என்கிறோம். இப்படி ரவுட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் தங்கள் வெளி முகவரி என்ன என்று தங்களுக்கே தெரிய வேண்டும். அதற்காக ஆட்டம் ஸ்டன் என்ற வகைச் சேர்வருக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்புகிறது. "உன் பாக்கெட் எனக்கு இந்த முகவரியிலிருந்து, இந்தப் போர்ட்டிலிருந்து வந்தது" என்று அது பதில் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. போர்ட் என்பது ஒரே முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளில் எது எந்த இணைப்புக்கு உரியது என்று பிரித்துக் காட்டும் எண்.

அப்புறம் ஐஸ் என்ற முறை தொடங்குகிறது. தன்னை எட்டக்கூடிய எல்லா முகவரிகளையும் ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒரு பட்டியலாக எழுதி, ஆடுபவர்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனத்தின் லொபி சேர்வர் வழியாக மற்றவருக்கு அனுப்பும். ஒவ்வோர் ஆட்டமும் தன் வடிவத்தில் எழுதும். உலாவிகள் பயன்படுத்தும் வடிவத்தில் எழுதினால் தம்பியின் பட்டியல் இப்படி இருக்கும். வெளி முகவரிகளுக்குப் பதிலாக, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைப் போட்டிருக்கிறேன்.

```
a=candidate:1 1 UDP 2130706431 192.168.1.7 50124 typ host
a=candidate:2 1 UDP 1694498815 203.0.113.45 50124 typ srflx raddr 192.168.1.7 rport 50124
a=candidate:3 1 UDP 16777215 198.51.100.20 61002 typ relay raddr 203.0.113.45 rport 50124
```

முதல் வரி வீட்டுக்குள் இருக்கும் முகவரி. இரண்டாவது, ஸ்டன் சொன்ன வெளி முகவரி. மூன்றாவது, ரிலே சேர்வரில் தம்பிக்காகப் பிடித்து வைத்த முகவரி. `UDP` என்பதற்குப் பிறகு வரும் பெரிய எண்தான் முன்னுரிமை. பெரிய எண் முதலில். வீட்டு முகவரிக்கு இரண்டு நூறு கோடிக்கும் மேலே, ரிலேக்கு ஒன்றரைக் கோடி சொச்சம். ரிலே என்பது கடைசிப் போக்கிடம் என்று இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமும் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு, ஒவ்வொரு சோடியாகத் தட்டிப் பார்த்து, வேலை செய்வதில் முன்னுரிமை கூடியதை எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். இது முழுவதுமாக எதிராளியின் கொம்பியூட்டருக்குப் போகிறது. எந்த வழியில் பேசுவது என்று முடிவாவதற்கு முன்பே போகிறது. கடைசியில் ஐஸ் முறை ரிலேயையே தேர்ந்தாலும், இரண்டாவது வரியில் இருக்கும் 203.0.113.45 அந்த அந்நியனின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆட்டம் முழுக்க ரிலே வழியாகவே ஓடியிருக்கலாம், பாக்கெட்டுகளில் ரிலேயின் முகவரி மட்டுமே தெரிந்திருக்கலாம், அப்படியிருந்தும் முகவரி போனது போனதுதான்.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்றும் உண்டு. முதல் இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு ரிலே வரியை மட்டும் அனுப்பினால் போதும் என்று தோன்றும். அந்த மூன்றாவது வரியின் வாலைப் பாருங்கள். `raddr` என்பதற்குப் பின்னால் அதே வெளி முகவரி மறுபடியும் எழுதியிருக்கிறது. பிழை தேடும் பொறியாளர்களுக்கு உதவட்டும் என்று வைத்த தகவல் அது. முகவரியை மறைப்பதே நோக்கமென்றால் அந்த இடத்தில் 0.0.0.0 என்று எழுதச் சொல்லி விதிமுறையிலேயே இருக்கிறது. அதைச் செய்யாத மென்பொருள் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

தம்பியின் ஆட்டத்தில் நடந்தது இதைவிட எளிது என்பது என் முடிவு. அந்த ஆட்டத்தில் ரிலே உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் நேரடி இணைப்பு கிடைக்காதபோது கைகொடுக்க வைத்த ரிலே அது. தம்பியின் ஃபைபர் ரவுட்டர் நேரடி இணைப்புக்கு எந்தத் தடையும் போடாததால் ரிலேக்குப் போகவே தேவை வரவில்லை.

கிண்ணியா மச்சானின் பக்கம் வேறு மாதிரி. அவனுடைய 4ஜி ரவுட்டருக்குக் கிடைத்திருப்பது பொது முகவரியே இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள்ளே பயன்படுத்த 2012இல் ஒதுக்கப்பட்டவை, அவனுக்கு வந்தது அதில் ஒன்று. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் நிறுவனத்தின் ஒரு பெரிய நாட் கருவிக்குப் பின்னால் நின்று ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படிப்பட்ட நாட் பல நேரங்களில் ஒவ்வொரு எதிராளிக்கும் வேறு வேறு போர்ட்டைக் கொடுக்கும். ஸ்டன் சொன்ன போர்ட் அந்நியனோடு பேசும்போது செல்லுபடியாகாது. அதனால் அவனுக்கு நேரடி இணைப்பு அமையவில்லை, ரிலே வழியாகவே ஆடினான். தம்பியின் வீடு விழுந்தபோது அவனுக்கு எதுவும் ஆகவில்லை. நல்ல ரிலே என்று இருவரும் நினைத்தார்கள். உண்மையில் அவனைக் காத்தது அந்தப் பெரிய நாட். அவனுடைய பொது முகவரியும் பட்டியலில் போயிருக்கும். ஆனால் அந்த முகவரிக்கு யாராவது குப்பைப் பாக்கெட்டுகளை அனுப்பினால், அட்டவணையில் பொருத்தம் இல்லாமல் நிறுவனத்தின் கருவியிலேயே அவை விழுந்துவிடும். ஒரு வீட்டின் சின்னக் குழாய்க்குள் வந்து அடைக்காது.

தம்பியின் வீட்டில் அடைத்தது அந்தச் சின்னக் குழாய்தான். காசு கொடுத்தால் யாருடைய முகவரிக்கும் வெள்ளம்போலத் தரவை அனுப்பித் தரும் தளங்கள் இருக்கின்றன. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட 15 தளங்களின் பெயர்களைக் கைப்பற்றியது, புதிய தளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இலங்கையில் இருந்து இதைச் செய்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும். பழிக்குப் பழி என்று யோசிக்கும் பெடியன்கள் அதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இது தாக்குதலா, வழக்கமான லைன் பழுதா என்று பிரித்தறிய முடியும். ஃபைபர் அறுந்தால் ரவுட்டரில் `LOS` விளக்கு சிவப்பாக எரியும். தம்பி வீட்டில் அது எரியவே இல்லை, ஃபைபர் இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் `PON` பச்சையாக நின்றது. கொம்பியூட்டரில் இருந்து ரவுட்டருக்குப் பிங் போட்டால் ஓரிரு மில்லிசெக்கனில் பதில் வந்தது. ஆகவே வைஃபையிலும் கோளாறு இல்லை. ரவுட்டருக்கு அப்பால் எதற்குப் போட்டாலும் பத்தில் எட்டு காணாமல் போனது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், வீட்டில் யாரும் எதையும் இறக்கவில்லை, ஆனால் உள்ளே வரும் பைட் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை நிறுத்திச் சற்று விட்டுப் போட்டதும் நிறுவனம் வேறு பொது முகவரி ஒன்றைக் கொடுத்தது. அந்த நொடியே எல்லாம் சரியாகிவிட்டது. பழுதென்றால் முகவரி மாறியதும் குணமாகாது. ஆனால் தம்பி அதே அறைக்குள் போய் மறுபடி ஆடியதும் புதிய முகவரியும் போய்விட்டது. அதனால்தான் அடுத்த நாளும் விழுந்தது.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். முகவரியை இடமாக மாற்றிக் காட்டும் தளத்தில் தம்பியின் பழைய எண்ணைப் போட்டுக் காட்டினேன். கொழும்பு என்று வந்தது. அந்தத் தளங்கள் நிறுவனம் தன் முகவரித் தொகுதியை எங்கே பதிந்திருக்கிறது, தரவு எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதை வைத்து ஊகிக்கின்றன. எந்த வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தில் எந்த எண் கொடுக்கப்பட்டது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும், வெளி ஆட்களிடம் இருக்காது. வங்கிக் கணக்குக்கு இதனால் ஆபத்து இல்லை என்று கேட்டதும்தான் அவர் முகம் தெளிந்தது.

சரி, ரிலே உண்மையாகவே மறைக்க வேண்டுமானால் எப்படி இருக்க வேண்டும்?

பழைய, எல்லாருக்கும் பொதுவான முறையின் பெயர் டேர்ன். தம்பியின் கொம்பியூட்டர் ரிலே சேர்வரிடம் போய்த் தன் அனுமதியைக் காட்டி ஓர் இடம் கேட்கும். சேர்வர் தன் முகவரியில் ஒரு போர்ட்டை அவனுக்காகத் திறந்து கொடுக்கும், மேலே பார்த்த 198.51.100.20:61002 மாதிரி. வழக்கமாக அது பத்து நிமிடத்துக்குச் செல்லும், ஆட்டம் தொடரும்வரை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்தப் போர்ட்டுக்கு வருவதைச் சேர்வர் தம்பிக்கு அனுப்பும், தம்பி கொடுப்பதை அந்தப் போர்ட்டிலிருந்து வெளியே அனுப்பும். ஊரில் வீட்டு முகவரி கொடுக்க விரும்பாதவர்கள் தெரிந்த கடையின் முகவரிக்குக் கடிதம் வரவழைப்பது போல. எதிராளியின் பாக்கெட் தலைப்பில் தெரிவது கடையின் முகவரி மட்டுமே. யாரிடமிருந்து வாங்கலாம் என்றும் தம்பி முதலில் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத முகவரியில் இருந்து வருவதைச் சேர்வர் வாசலிலேயே போட்டுவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டேர்ன் அதைப் பயன்படுத்துபவரை மட்டும்தான் மறைக்கிறது. யாரிடமிருந்து வாங்கலாம் என்று சொல்வதற்கு எதிராளியின் முகவரி தெரிய வேண்டும் அல்லவா? ரிலேயில் இருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் யாரிடமிருந்து வந்தது என்பதும் பெறுபவரின் கொம்பியூட்டருக்குத் தெரியும். தம்பி தன் சொந்த முகவரியில் இருந்து பேசி, மச்சான் மட்டும் ரிலேக்குப் பின்னால் இருந்தால், மச்சானின் முகவரி தம்பிக்குத் தெரியாது; தம்பியின் முகவரி மச்சானின் கொம்பியூட்டருக்குத் தெரியும். மச்சானின் இடத்தில் அந்நியன் இருந்தாலும் இதே நிலைதான். "அவன் ரிலேயிலதானே இருந்தான்" என்பது நமக்குப் பாதுகாப்பே இல்லை. இரண்டு பக்கமும் ரிலேயில் இருந்தால்தான் இருவருக்கும் மறைப்பு.

வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் தளத்துக்குக் கட்டிய ரிலே வலையமைப்பு இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது. 2019இல் அதை மற்ற ஆட்டத் தயாரிப்பாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதில் ஆட்டம் எதிராளியை ஐபி முகவரியால் கூப்பிடுவதே இல்லை, அவருடைய ஸ்டீம் கணக்கின் அடையாளத்தால் கூப்பிடுகிறது. ஒவ்வொருவரும் தங்களுக்குக் கிட்டிய ரிலேயோடு பேசுவார்கள். நடுவில் பாதை எப்படிப் போகிறது என்பது ரிலேகளின் பாடு. முகவரி கொடுக்கப்படாததால் கசிவதற்கும் எதுவும் இல்லை. சரியான அனுமதி இல்லாத பாக்கெட்டை ரிலே தள்ளிவிடும். ஆனால் இங்கேயும் நேரடி இணைப்புக்கு ஒரு கதவு இருக்கிறது. ஸ்டீமின் அமைப்புகளில், நேரடியாக இணைவதற்காக உங்கள் முகவரியை யாரோடு பகிரலாம் என்று கேட்கும் தெரிவு உண்டு. நண்பர்களோடு மட்டும் என்றும் வைக்கலாம், யாரோடும் வேண்டாம் என்றும் வைக்கலாம். ஒரே ஒரு மேட்சுக்காக அந்நியர்களை நண்பர் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எபிக் நிறுவனம் ஆட்டத் தயாரிப்பாளர்களுக்குத் தரும் இணைப்புச் சேவையை எடுத்துக்கொண்டால், தயாரிப்பாளர் ஒரே ஓர் அமைப்பில் மூன்றில் ஒன்றைத் தேர்கிறார். `EOS_RC_NoRelays` என்றால் நேரடி மட்டும். `EOS_RC_AllowRelays` என்றால் முதலில் நேரடி, முடியாவிட்டால் ரிலே. `EOS_RC_ForceRelays` என்றால் எப்போதும் ரிலே. எதையும் மாற்றாவிட்டால் நடுவில் இருப்பதுதான் நடக்கும். மூன்றாவது மட்டுமே முகவரியை மறைக்கிறது. உலாவியில் ஓடும் ஆட்டங்களில் இதே வேலையைச் செய்வது ஒரு வரி:

```
new RTCPeerConnection({ iceServers, iceTransportPolicy: "relay" })
```

இப்படிப் போட்டால் ரிலே தவிர்ந்த வரிகள் பட்டியலில் ஏறவே ஏறாது. ஆகவே ஓர் ஆட்டத்தைப் பற்றி விசாரிக்கும்போது "ரிலே இருக்கா?" என்று கேட்டால் போதாது. "எப்போதும் ரிலேயா, நேரடி முடியாவிட்டால் மட்டுமா?" என்று கேட்க வேண்டும். தயாரிப்பாளர்கள் இதை ஆட்டத்தின் பக்கத்தில் வெளிப்படையாக எழுதினால் எவ்வளவோ குழப்பம் தீரும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் மறைப்பதே இயல்பு நிலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வேகம் வேண்டும் என்பவர் தெரிந்தே நேரடிக்கு மாறிக்கொள்ளட்டும். பேச்சு வசதி தரும் நிறுவனங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. ஸ்கைப் 2016 ஜனவரியில் பயனர்களின் முகவரியை இயல்பாகவே மறைக்கத் தொடங்கியது. டிஸ்கோர்ட் குரலை எல்லாம் தன் சேர்வர் வழியாகவே அனுப்புகிறது.

ஆனால் வேகத்தின் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், திருகோணமலையில் இருந்து ஆடுபவருக்கு அது சின்ன விலை இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். ரிலே சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைப்போம். நமக்கும் அதற்கும் நேர்கோட்டில் 2,600 கிலோமீட்டர் அளவு. உவர்மலையில் தம்பி பிரேக் பிடித்தது கிண்ணியாவில் தெரிய வேண்டுமானால், பாக்கெட் சிங்கப்பூர் போய்த் திரும்ப வேண்டும். குறைந்தபட்சம் 26 மில்லிசெக்கன், பதிலும் வந்து சேர 52. நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன் என்றால், பதில் வருவதற்குள் மூன்று படங்கள் கடந்துவிட்டன. உண்மையில் இன்னும் கூடும். கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான். நமது பாக்கெட் முதலில் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும். ஐரோப்பாவில் மட்டும் ரிலே வைத்திருக்கும் ஆட்டம் என்றால் இதே கணக்கு 160ஐத் தாண்டும். ரேஸ் ஆடவே முடியாது.

சென்னையில் ரிலே இருந்தால் கதை வேறு. நேர்கோட்டில் 500 கிலோமீட்டர் சொச்சம், கணக்குப்படி பதிலோடு 10 மில்லிசெக்கன், கேபிள் சுற்றிப் போவதையும் சேர்த்தாலும் தாங்கக்கூடியது. வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் ரிலே இருப்பதால் ஸ்டீம் வழி ஆட்டங்களில் நம் ஊரில் இருந்து ரிலேயில் ஆடுவது பெரிய சிரமம் இல்லை. சொல்லப்போனால் உவர்மலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையிலான நேரடி இணைப்பே குடாவைத் தாண்டி நேராகப் போவதில்லை. இருவருக்கும் வேறு வேறு நிறுவனம் என்பதால் பாக்கெட் பெரும்பாலும் கொழும்பு வரை போய்த்தான் திரும்புகிறது.

தம்பியின் ஆட்டத்தில் ரிலேயைக் கட்டாயமாக்கும் தெரிவு இருக்கவில்லை. ஆகவே அந்நியர்கள் வரும் பொது அறைகளை விட்டுவிட்டு, மச்சானோடும் பள்ளிக்கூட நண்பர்களோடும் கடவுச்சொல் போட்ட அறையில் மட்டும் ஆடச் சொன்னேன். பொது அறை வேண்டுமென்றால் விபிஎன் போட வேண்டும். அப்போது ஸ்டன் சேர்வருக்கும் எதிராளிக்கும் தெரிவது விபிஎன் சேர்வரின் முகவரி. அதுவும் ஒரு வகை ரிலேதான், ஒரே வித்தியாசம் அதை நாமே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் விபிஎன் ஐபி நான்காம் பதிப்பை மட்டும் சுற்றி அனுப்பி, ஆறாம் பதிப்பை அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை. ஆறாம் பதிப்பு கிடைக்கும் இணைப்பில் ஆட்டம் அந்த முகவரியையும் பட்டியலில் சேர்க்கும். அங்கே நாட் முறையும் வழக்கமாக இருக்காது. கொம்பியூட்டர் தன் முகவரியின் பின்பாதியை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டாலும், முன்பாதி வீட்டு இணைப்புக்கு உரியது. நிறுவனம் மாற்றும்வரை அது மாறாது.

குரல் அரட்டையையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆட்டம் ரிலேயில் ஓடும், குரல் வேறொரு வழியில் நேரடியாக ஓடும் என்பதும் நடக்கக்கூடியதே. இரண்டில் ஒன்று நேரடியாக இருந்தாலே போதும், முகவரி போய்விடும். வீட்டில் தானே சேர்வர் வைத்து நண்பர்களைக் கூப்பிடும் மைன்கிராஃப்ட் மாதிரி ஆட்டங்களில் இன்னும் நேர், உள்ளே வர வேண்டுமானால் வீட்டு முகவரியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

உங்கள் ஆட்டம் எந்த வகை என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கொம்பியூட்டரில், பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, தெரிந்த நண்பர்களோடு ஓர் அறையைத் திறந்து, `Statistics` பட்டியில் `Conversations` போய் `UDP` பகுதியைப் பாருங்கள். ஒருவர் உள்ளே வரும்போது ஒரு புதிய வரி தோன்றி, அதில் பாக்கெட் எண்ணிக்கை நொடிக்குப் பத்து முப்பதாக ஏறிக்கொண்டே போனால், அவர் வெளியேறியதும் நின்றால், அது நேரடி இணைப்பு. நாலு பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் அதே ஒன்றிரண்டு வரிகளில் மட்டும் எண்ணிக்கை கூடினால் நடுவில் சேர்வரோ ரிலேயோ இருக்கிறது. முதல் சில நொடிகளையும் விட்டுவிடாதீர்கள். ரிலே வரி நிலைப்பதற்கு முன்னால் வேறு முகவரிகளுக்கு நாலைந்து சின்னப் பாக்கெட்டுகள் போய் நின்றிருந்தால், அவை ஐஸ் தட்டிப் பார்த்த கதவுகள். பட்டியல் கைமாறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பார்த்து முடித்ததும் அந்தப் பதிவைச் சேமிக்காமல் அழித்துவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் நண்பர்களின் வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள்.